வடிவம் மாறலாம், பொருள் மாறலாமா?



பள்ளித் தேர்வு நெருங்கினால் தமிழ் வினாத்தாளில் தவறாமல் வந்து நிற்கும் ஒரு பகுதி உண்டு. ‘பொருள் மாறாமல் உணர்ச்சித் தொடராக மாற்றுக’, ‘வினாத் தொடராக மாற்றுக’, ‘கட்டளைத் தொடராக மாற்றுக’ என்று இரண்டு மூன்று கேள்விகள் கேட்பார்கள். மதிப்பெண் சிறியது என்பதால் பிள்ளைகள் அதிகம் யோசிப்பதில்லை. முற்றுப்புள்ளியை அழித்துவிட்டுக் கேள்விக்குறியோ உணர்ச்சிக்குறியோ போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ‘காற்று பலமாக வீசியது’ என்பதை ‘காற்று பலமாக வீசியதா?’ என்று மாற்றி எழுதிய விடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதில் என்ன பிழை? முதல் தொடரைச் சொன்னவருக்குக் காற்று வீசியது தெரியும். இரண்டாவது தொடரைச் சொன்னவருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். தெரிந்தவர் தெரியாதவராகிவிட்டார். பொருள் அங்கேயே போய்விட்டது. ‘காற்று பலமாக வீசியதல்லவா?’ என்று எழுதியிருந்தால் வினா வடிவமும் வந்திருக்கும், சொன்னவருடைய உறுதியும் நின்றிருக்கும். ‘அல்லவா’ என்ற ஒரு சொல் செய்யும் வேலை அவ்வளவு. இந்த மாதப் பக்கத்தில் இதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

தொடரின் நான்கு வகைகளையும் நீங்கள் அறிவீர்கள். ஒன்றைத் தெரிவிப்பது செய்தித் தொடர். ஒன்றைக் கேட்பது வினாத் தொடர். ஏவல், வேண்டுதல், வாழ்த்துதல், வைதல் ஆகிய பொருள்களில் வருவதைப் பள்ளி இலக்கணம் விழைவுத் தொடர் என்கிறது. வழக்கத்தில் கட்டளைத் தொடர் என்றே பெரும்பாலும் சொல்கிறோம். வியப்பு, மகிழ்ச்சி, துயரம், அச்சம் போன்ற உணர்ச்சியோடு வெளிப்படுவது உணர்ச்சித் தொடர்.

இவை வடிவங்களின் பெயர்கள். ஒரு வடிவத்தில் சொல்லிவிட்டு வேறொன்றின் வேலையை வாங்கிக்கொள்வது நம் அன்றாடப் பேச்சில் இயல்பாக நடக்கிறது. கூட்டமான பேருந்தில் ‘கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?’ என்று ஒருவர் கேட்டால், நாம் ‘ஆம், நிற்கிறேன்’ என்று பதில் சொல்லிவிட்டு அதே இடத்தில் நிற்பதில்லை; தள்ளி நிற்கிறோம். வடிவம் வினா, வேலை வேண்டுகோள். தொடர் மாற்றத்தில் நாம் காப்பாற்ற வேண்டியது இந்த வேலையைத்தான்.

முதலில் வினாவை எடுத்துக்கொள்வோம். அதிகப் பிழைகள் நேர்வது அங்கேதான்.

ஒரு வினாவைச் செய்தியாக மாற்றச் சொன்னால், அது உண்மையிலேயே விடை தேடும் வினாவா, விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் வினாவா என்று முதலில் பார்க்க வேண்டும். ‘தாயின் அன்புக்கு ஈடு உண்டோ?’ என்பவர் யாரிடமும் பதில் எதிர்பார்க்கவில்லை. ‘ஈடு இல்லை’ என்ற பதில் வினாவுக்குள்ளேயே இருக்கிறது. எனவே செய்தித் தொடர், ‘தாயின் அன்புக்கு ஈடு இல்லை.’

கவனியுங்கள்: வினாவில் ‘உண்டு’ இருந்தது, செய்தியில் ‘இல்லை’ வந்தது. விடையைத் தன்னுள் வைத்திருக்கும் வினாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் தலைகீழாகத் திரும்பும். உடன்பாடாக இருப்பது எதிர்மறையாகும், எதிர்மறையாக இருப்பது உடன்பாடாகும். ‘இந்த அநியாயத்தை யார் பொறுப்பார்?’ என்பது ‘இந்த அநியாயத்தை யாரும் பொறுக்க மாட்டார்கள்’ என்று மாறும். ‘யார்’ என்ற வினாச்சொல்லோடு ‘உம்’ சேர்ந்து ‘யாரும்’ ஆகிறது. வினைமுற்று எதிர்மறை ஆகிறது. ‘எங்கே கிடைக்கும்?’ என்பது ‘எங்கும் கிடைக்காது’ ஆவதும் இதே வழியில்தான்.

எதிர்மறை ஏற்கெனவே உள்ளே இருக்கும் தொடர்களில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். ‘விருதுநகரில் காமராசரை அறியாதவர் யார்?’ என்ற தொடரைப் பாருங்கள். ‘யார்’ என்றதும் ‘யாரும்’ என்று போட்டு, ‘யாரும் அறியார்’ என்று எழுதிவிட்டால் ஊரே காமராசரை மறந்துவிட்டதாகப் பொருள்படும். இங்கே ‘அறியாதவர்’ என்பதே எதிர்மறை. ‘அறியாதவர் யாரும் இல்லை’ என்பது முதல் படி. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு. ஆகவே ‘விருதுநகரில் எல்லோரும் காமராசரை அறிவர்’ என்பது இரண்டாம் படி. இரண்டுமே சரியான விடைகள். முதல் படியை எழுதிப் பார்க்காமல் இரண்டாம் படிக்குத் தாவும்போதுதான் தவறு வருகிறது.

வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாத இடங்களும் உண்டு. ‘உள்ளே வரலாமா?’ என்று வாசலில் நிற்பவர் கேட்பது உண்மையான வினா. அவருக்கு அனுமதி வேண்டும். ‘பெரியவர்களை இப்படி எடுத்தெறிந்து பேசலாமா?’ என்று பாட்டி கேட்பது வினாவே அன்று. ‘பேசக் கூடாது’ என்ற கண்டிப்பு. இரண்டிலும் இருப்பது ஒரே ‘லாமா’தான். யார், யாரிடம், எந்த நிலையில் சொல்கிறார் என்பதைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். முதல் வினாவைச் செய்தியாக்கினால் ‘உள்ளே வர அனுமதி வேண்டுகிறேன்’ என்று வரும். இரண்டாவதைச் செய்தியாக்கினால் ‘பெரியவர்களை இப்படி எடுத்தெறிந்து பேசக் கூடாது’ என்று வரும். மாற்றி எழுதினால் இரண்டும் கெட்டுப்போகும்.

உண்மையான வினாவை வேறு வடிவத்துக்குக் கொண்டுபோவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ‘தம்பி எங்கே போனான்?’ என்பவர் ஒரு தகவலைக் கேட்கிறார். அந்தக் கேட்டலைக் காப்பாற்றினால் போதும். ‘தம்பி எங்கே போனான் என்று சொல்’ என்றால் கட்டளை. ‘தம்பி எங்கே போனான் என்பது எனக்குத் தெரிய வேண்டும்’ என்றால் செய்தி. ‘தம்பி எங்கும் போகவில்லை’ என்று எழுதினால் தவறு. கேட்டவர் அப்படிச் சொல்லவே இல்லை.

இந்த நுட்பத்தை நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ பிடித்துவிட்டார்கள். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கேட்பவருக்கு என்ன வேண்டும் என்பதே இந்தப் பிரிவுக்கு அடிப்படை. மளிகைக் கடையில் ‘துவரம்பருப்பு இருக்கிறதா?’ என்று கேட்பது கொளல் வினா. கடைக்காரர் ‘இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி நிற்பதில்லை, ‘எவ்வளவு வேண்டும்?’ என்று கேட்கிறார். வினாவுக்குள் இருந்த ‘துவரம்பருப்புக் கொடுங்கள்’ என்ற வேண்டுகோள் அவர் காதில் விழுந்துவிட்டது. மழை நேரத்தில் கிளம்பும் விருந்தினரிடம் ‘உங்களிடம் குடை இல்லையா?’ என்று கேட்பது கொடை வினா. ‘என் குடையை எடுத்துக்கொண்டு போங்கள்’ என்பது அதன் பொருள். ‘மகனே, விளக்கேற்றினாயா?’ என்று அம்மா கேட்பது ‘விளக்கேற்று’ என்று ஏவுவதானால் அது ஏவல் வினா.

விடைகளையும் நன்னூல் எட்டாக வகுக்கிறது. அவற்றில் ஒன்று ‘வினா எதிர் வினாதல்’. ‘திருமணத்துக்கு வருவாயா?’ என்று கேட்டால் ‘வராமல் இருப்பேனா?’ என்று சொல்வது. விடை வினா வடிவத்தில் இருக்கிறது. பொருளோ ‘கட்டாயம் வருவேன்’ என்ற செய்தி. இன்னொன்று ‘ஏவல் விடை’. ‘இந்த வேலையைச் செய்வாயா?’ என்று கேட்டவரிடம் ‘நீயே செய்’ என்பது. வடிவம் கட்டளை, பொருள் ‘நான் செய்ய மாட்டேன்’. இன்று வினாத்தாளில் நாம் கேட்கும் தொடர் மாற்றத்தின் வேர் இங்கே இருக்கிறது. இந்த ஆறையும் எட்டையும் வேறொரு பாடமாக மனப்பாடம் செய்துவிட்டு, தொடர் மாற்றத்தைத் தனியாகப் படிக்கிறோம். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு எளிதாக இருக்கும்!

அடுத்தது கட்டளைத் தொடர். இதில் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சொல்லின் அழுத்தம். ‘உட்கார்!’ என்பதைச் செய்தியாக்கினால் ‘நீ உட்கார வேண்டும்’ என்று வரும். ‘தயவுசெய்து உட்காருங்கள்’ என்பதைச் செய்தியாக்கினால் ‘தங்களை உட்காருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று வரும். வேண்டுகோளைக் ‘கட்டளையிடுகிறேன்’ என்று எழுதினாலும், அதட்டலைக் ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினாலும் செயல் மாறவில்லை. ஆனால் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான உறவு மாறிவிடுகிறது. ‘நீங்கள்’ என்று தொடங்கியதை ‘நீ’ என்று முடிப்பதும் இதே பிழைதான்.

இரண்டாவது, யாரை நோக்கிய கட்டளை என்பது. ஏவல் முன்னே நிற்பவரிடம் மட்டுமே செல்லும். ‘மாணவர்கள் நாள்தோறும் நூல்களைப் படிக்க வேண்டும்’ என்பதைக் கட்டளையாக்கும்போது, ‘மாணவர்களே, நாள்தோறும் நூல்களைப் படியுங்கள்’ என்று அவர்களை விளித்து முன்னிலைக்குக் கொண்டுவர வேண்டும். ‘மாணவர்கள் படியுங்கள்’ என்று பாதியில் நிறுத்தக் கூடாது. அங்கே இல்லாதவரைப் பற்றியது என்றால் ‘அவன் வரட்டும்’, ‘அவர்கள் படிக்கட்டும்’ என்ற வடிவம் துணைக்கு வரும். ‘வாழ்க’, ‘வெல்க’ போன்ற வியங்கோள் முற்றுகள் எல்லா இடங்களுக்கும் பொதுவானவை.

மூன்றாவது, காலம். நடந்து முடிந்ததைச் செய் என்று யாராலும் ஏவ முடியாது. ‘நேற்று ஏன் அங்கே போனாய்?’ என்று கடிந்துகொள்வதை ‘நேற்று அங்கே போகாதே’ என்று மாற்ற வழியில்லை. ‘நேற்று நீ அங்கே போயிருக்கக் கூடாது’ என்று செய்தியாக மாற்றலாம். அதோடு நிற்க வேண்டும். ‘சூரியன் கிழக்கே உதிக்கிறது’ என்பதும் கட்டளை ஆகாது. அதில் எவரும் செய்வதற்கு ஒரு செயலும் இல்லை. எல்லாத் தொடரையும் எல்லா வடிவத்துக்கும் மாற்றலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. ‘இது மாறாது’ என்று காரணத்தோடு எழுதும் பிள்ளை இலக்கணத்தை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது.

இனி உணர்ச்சித் தொடர். இதில் வேலை பெரும்பாலும் அளவைக் குறிக்கும் சொல்லில் நடக்கிறது. ‘கன்னியாகுமரி வள்ளுவர் சிலை மிகவும் உயரமானது’ என்ற செய்தி, ‘கன்னியாகுமரி வள்ளுவர் சிலை எவ்வளவு உயரமானது!’ என்று உணர்ச்சித் தொடராகும். ‘மிகவும்’ எழுந்துபோன இடத்தில் ‘எவ்வளவு’ வந்து உட்கார்கிறது. இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது. திரும்பச் செய்தியாக்கும்போது ‘மிகவும்’ மறுபடி வந்தாக வேண்டும். ‘சிலை உயரமானது’ என்று மட்டும் எழுதினால் வியப்பின் அளவு குறைந்துவிடும்.

இதே ‘எவ்வளவு’ வினாவிலும் வருகிறது. ‘வள்ளுவர் சிலை எவ்வளவு உயரம்?’ என்று கேட்டால் ‘133 அடி’ என்று விடை சொல்ல வேண்டும். ஆகவே வியப்பை வினாவாக மாற்றுகிறேன் என்று உணர்ச்சிக்குறியைக் கேள்விக்குறியாக்கினால், வியந்தவர் அளவு கேட்பவராகிவிடுவார். ‘வள்ளுவர் சிலை மிகவும் உயரமானதல்லவா?’ என்பதுதான் பொருள் மாறாத வினா.

‘என்னே’ வரும்போது சொற்களின் அமைப்பும் மாறும். ‘அந்தச் சிறுமி மிகவும் துணிவுடையவள்’ என்பது ‘என்னே அந்தச் சிறுமியின் துணிவு!’ ஆகிறது. ‘துணிவுடையவள்’ என்ற பயனிலை ‘துணிவு’ என்ற பெயராகச் சுருங்குகிறது. எழுவாயாக இருந்த சிறுமி ‘இன்’ சாரியை பெறுகிறாள். திரும்ப வரும்போது இதே இரண்டு படிகளையும் பின்னோக்கி நடந்தால் சரியாக வீடு சேரலாம்.

எந்த உணர்ச்சி என்பதையும் தெரிந்துகொண்டுதான் மாற்ற வேண்டும். ‘ரயில் வந்துவிட்டதே!’ என்ற தொடரை, ஊரிலிருந்து வரும் மகளுக்காக நடைமேடையில் காத்திருக்கும் தாய் சொன்னால் அது மகிழ்ச்சி. பயணச்சீட்டு வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருப்பவர் சொன்னால் அது பதற்றம். செய்தியாக்கும்போது ‘ரயில் வந்தது எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது’ என்பதா, ‘ரயில் வந்ததால் பதறுகிறேன்’ என்பதா என்று தொடரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாகச் சொல்கிறது. இந்த எட்டில் எது என்று கேட்டுக்கொண்டால் விடை தெளிவாகும். வினாத்தாள் எடுக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: ‘அந்தோ’, ‘அடடா’, ‘ஐயோ’ போன்ற ஒரு சொல்லையாவது முன்னால் சேர்த்துக் கொடுங்கள். அல்லது சூழலை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இப்போது ஒரே தொடரை நான்கு வடிவங்களிலும் நடத்திப் பார்ப்போம்.

‘ஆழம் தெரியாத கிணற்றில் குதிப்பது மிகவும் ஆபத்தானது.’ இது செய்தி.

உணர்ச்சித் தொடராக்க, ‘மிகவும்’ என்பதை எடுத்துவிட்டு ‘எவ்வளவு’ போடுகிறோம்: ‘ஆழம் தெரியாத கிணற்றில் குதிப்பது எவ்வளவு ஆபத்தானது!’ அளவும் உறுதியும் அப்படியே இருக்கின்றன.

வினாவாக்க, ‘ஆபத்தானதா?’ என்று எழுதக் கூடாது. அது தெரியாதவர் கேட்பது. ‘ஆழம் தெரியாத கிணற்றில் குதிப்பது மிகவும் ஆபத்தானதல்லவா?’ என்று எழுத வேண்டும். ‘ஆழம் தெரியாத கிணற்றில் குதிக்கலாமா?’ என்று சிலர் எழுதுவார்கள். நல்ல வினாதான், ஆனால் அது ‘குதிக்கக் கூடாது’ என்ற தடையைச் சொல்கிறது, ஆபத்தைச் சொல்லவில்லை.

கட்டளையாக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘ஆழம் தெரியாத கிணற்றில் குதிக்காதே’ என்பது இயல்பாக வரும் விடை. உடன்பாடாக இருந்த செய்தி எதிர்மறைக் கட்டளையாகத் திரும்பியிருக்கிறது, அது சரிதான். ஆனால் குதிக்கக் கூடாததற்கான காரணம் காணாமல் போய்விட்டது. ‘மிகவும் ஆபத்தானது என்பதால் ஆழம் தெரியாத கிணற்றில் குதிக்காதே’ என்று எழுதினால் காரணமும் உள்ளே வந்துவிடும். எல்லோருக்கும் பொதுவாகச் சொன்ன செய்தி என்பதால் ‘குதிக்காதீர்கள்’ என்பது இன்னும் பொருத்தம்.

காரணம் தொலைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? மாற்றி எழுதியதைப் பழைய வடிவத்துக்கே திருப்பிப் பாருங்கள். மூலத்தை மறைத்துவிட்டு, ‘ஆழம் தெரியாத கிணற்றில் குதிக்காதே’ என்பதை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துச் செய்தித் தொடராக்கச் சொல்லுங்கள். ‘ஆழம் தெரியாத கிணற்றில் குதிக்கக் கூடாது’ என்று எழுதுவார். ‘ஆபத்து’ திரும்பி வராது. திரும்பி வராத சொல் எதுவோ, அதுதான் வழியில் தொலைந்தது. வீட்டில் இருவர் சேர்ந்து செய்வதற்கு ஏற்ற பயிற்சி இது. ஒருவர் மாற்ற வேண்டும், மற்றவர் திருப்ப வேண்டும், பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சொல்லுக்குச் சொல் பொருந்த வேண்டியதில்லை. உண்டு-இல்லை, அளவு, யாருக்கு, எந்தக் காலம் என்ற நான்கும் பொருந்தினால் போதும்.

உங்களுக்காக நான்கு தொடர்கள் கொடுத்திருக்கிறேன். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே முயலலாம்.

1. உழைக்காமல் உயர்ந்தவர் யார்? (செய்தித் தொடராக்குக)

2. இந்தக் குழந்தையின் மழலை மிகவும் இனிமையானது. (உணர்ச்சித் தொடராக்குக)

3. கொஞ்சம் மெதுவாகப் பேசக் கூடாதா? (விழைவுத் தொடராக்குக)

4. எங்கள் ஊர்த் தேர் நேற்று நிலைக்கு வந்தது. (கட்டளைத் தொடராக்குக)

இவற்றில் ஒன்று கேட்ட வடிவத்துக்கு மாறாது. எது, ஏன் மாறாது என்று சொல்ல வேண்டும். இன்னொன்றுக்கு, அதைச் சொல்பவர் கெஞ்சுகிறாரா கண்டிக்கிறாரா என்பதைப் பொறுத்து இரண்டு விடைகள் உண்டு, இரண்டையும் எழுதுங்கள். விடைகளை அனுப்பும்போது, மாற்றிய தொடரோடு ஏன் அப்படி மாற்றினீர்கள் என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் படிக்கத்தான் எனக்கு அதிக ஆசை.

அன்புடன்,
ஆசிரியர்